பங்கு 20 சதவீதம் ஏறியது, கைக்கு வந்தது எவ்வளவு?

2022-இல் அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீடு ஏறத்தாழ 19 சதவீதம் விழுந்தது. இந்தியாவில் இருந்தபடியே அந்தக் குறியீட்டில் பணம் போட்டிருந்தவருக்கு அந்த ஆண்டில் ஏற்பட்ட நஷ்டம் ஏறத்தாழ 10 சதவீதம்தான். அவர் எந்தச் சாமர்த்தியமும் செய்யவில்லை. ஆண்டின் தொடக்கத்தில் 74 ரூபாய் சொச்சமாக இருந்த டாலர், முடிவில் 82 ரூபாயைத் தாண்டியிருந்தது. பங்கில் போனதில் பாதியை ரூபாயின் சரிவு ஈடுகட்டிவிட்டது.

2007-இல் இது தலைகீழாக நடந்தது. அந்த ஆண்டு அதே குறியீடு மூன்றரை சதவீதம் ஏறியது. ஆனால் 44 ரூபாய்க்கு மேல் இருந்த டாலர் 39 ரூபாய் சொச்சத்துக்கு இறங்கியது. டாலரில் லாபம் பார்த்தவர் ரூபாயில் 7 சதவீதத்துக்கும் மேல் இழந்தார். டாலர் என்றால் ஏறிக்கொண்டேதான் இருக்கும் என்று நம்புகிறவர்கள் இந்த ஆண்டைக் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை.

வெளிநாட்டுப் பங்கு வாங்குகிறவர் செயலியில் பார்க்கும் லாப சதவீதம் டாலருக்கானது. அவர் பணம் கிளம்பியது ரூபாயாக. திரும்ப வரவேண்டியதும் ரூபாயாக. இடையில் எல்லையை இரண்டு முறை தாண்டுகிறது. ஒவ்வொரு முறை தாண்டும்போதும் என்ன நடக்கிறது என்பதை ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால்தான் புரியும்.

ஒருவர் 9 லட்சம் ரூபாயை அமெரிக்கப் பங்கில் போட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இணையத்தில் தேடினால் டாலர் 90 ரூபாய் என்று வருகிறது. அது வங்கிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் விலை. நமக்கு வங்கி டாலரை விற்கும் விலை வேறு. இங்கே 91 என்று கொள்வோம். கணக்குக்காகச் சுற்று எண்ணாக வைத்திருக்கிறேன்; வித்தியாசம் வங்கிக்கு வங்கி மாறும், பேரம் பேசினாலும் மாறும். வங்கிச் சீட்டில் கமிஷன் என்று எழுதியிருக்கும் தொகையைத்தான் எல்லோரும் கவனிப்பார்கள். இந்த ஒரு ரூபாய் வித்தியாசம் சீட்டில் எங்கும் செலவாக வராது, ஆனால் பெரிய செலவு இதுதான். 90 ரூபாய் விலையில் 10,000 டாலர் கிடைத்திருக்கும். 91-இல் கிடைப்பது 9,890. ஏறத்தாழ 110 டாலர், அதாவது பத்தாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவான தொகை, பேச்சுமூச்சில்லாமல் போய்விட்டது.

இதற்கு மேல் பணம் அனுப்பும் கட்டணம் ஆயிரம் ரூபாய் என்றால், அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்ந்து 1,180 ஆகிறது. அந்நியச் செலாவணி மாற்றுவதற்கும் தனியாக ஒரு ஜி.எஸ்.டி. உண்டு. அதை மாற்றும் முழுத் தொகையின் மேல் போடுவதில்லை. ஒரு லட்சம் வரை 1 சதவீதம், ஆனால் குறைந்தது 250 ரூபாய், அதற்கு மேல் பத்து லட்சம் வரை அரை சதவீதம் என்று ஒரு சேவை மதிப்பைக் கணக்கிட்டு, அந்த மதிப்பின் மேல்தான் 18 சதவீதம். 9 லட்சத்துக்குச் சேவை மதிப்பு 5,000 ரூபாய், வரி 900. ஆக நம்மவர் கையிலிருந்து போனது மொத்தம் 9,02,080 ரூபாய்.

பணம் நேராக அமெரிக்கத் தரகு நிறுவனத்தின் கணக்கில் போய் விழுவதில்லை. வழியில் ஒரு இடைநிலை வங்கி இருக்கும். அது தன் கட்டணத்தை வரும் தொகையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். படிவத்தில் OUR, SHA, BEN என்று மூன்று தேர்வுகள் இருப்பது இதற்குத்தான். OUR என்றால் எல்லாக் கட்டணமும் அனுப்புகிறவர் தலையில், SHA என்றால் அனுப்பும் வங்கியின் கட்டணம் மட்டும் அனுப்புகிறவருக்கு, மற்றவை போகிற தொகையில் கழியும், BEN என்றால் எல்லாமே பெறுகிற பக்கம் கழியும். பலர் ஏதோ ஒன்றைத் தொட்டுவிட்டு, அனுப்பிய டாலரும் சேர்ந்த டாலரும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று பிறகு குழம்புவார்கள். நம் கணக்கில் 20 டாலர் கழிந்தது என்போம். மிஞ்சியது 9,870. கால் சதவீதத் தரகு போக, பங்காக மாறியது ஏறத்தாழ 9,845 டாலர்.

இதுவரை சேதம் பெரிதாகத் தெரியவில்லை. தொகை பெரிது என்பதால் அப்படி. இதே வழியில் மாதம் பத்தாயிரம் ரூபாய் அனுப்பினால் என்ன ஆகும்? 91 ரூபாய் வீதம் 109 டாலர் 89 சென்ட் கிடைக்கும். இடைநிலை வங்கிக்கு அதே 20 டாலர் போனால் மிச்சம் 90 டாலருக்கும் கீழே. இங்கே கட்டணமும் வரியுமாக 1,225 ரூபாய் தனி. 11,225 ரூபாய் செலவழித்து, சந்தை விலையில் 8,090 ரூபாய் பெறும் டாலரை வாங்கியிருக்கிறார். ஒரு பங்கைக்கூடத் தொடும் முன்பே பணத்தில் கால்வாசிக்கும் மேல் காலி. சில செயலிகள் வங்கிகளோடு ஏற்பாடு செய்து இந்த நிலையான கட்டணங்களைக் குறைத்திருக்கின்றன. அப்படி இல்லாத இடத்தில் மாதாமாதம் சிறு தொகை அனுப்பும் பழக்கத்தை இங்கே கொண்டுவருவது வீண். மூன்று நான்கு மாதப் பணத்தைச் சேர்த்து ஒரே தடவையாக அனுப்பலாம். கட்டணம் குறைகிறதா என்று செயலியின் விளம்பரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கணக்கில் கழிந்த மொத்த ரூபாயை, தரகு கணக்கில் வந்து சேர்ந்த டாலரால் வகுத்துப் பாருங்கள். வருகிற எண்ணை அன்றைய சந்தை விலையோடு ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும்.

சரி, நம்மவர் கதைக்கு வருவோம். மூன்று ஆண்டுகள் கழிகின்றன. பங்கு 20 சதவீதம் ஏறி 11,814 டாலர் ஆகிறது. விற்கும்போது தரகு, பணத்தை வெளியே எடுக்க 35 டாலர், எல்லாம் போக 11,749 டாலர் இந்தியாவுக்குக் கிளம்புகிறது. இப்போது வங்கி நம்மிடமிருந்து டாலரை வாங்குகிறது. அதனால் சந்தை விலையைவிட ஒரு ரூபாய் குறைத்துத் தரும். போகும்போது கூடுதல் விலை, வரும்போது குறைவான விலை. இரண்டு முறையும் நமக்குப் பாதகமான பக்கம்தான்.

டாலர் 96 ரூபாய் ஆகியிருந்தால், 95 வீதம் மாற்றி, ஜி.எஸ்.டி.யும் போக 11,15,000 ரூபாய் வருகிறது. போட்ட பணத்தோடு ஒப்பிட்டால் 23.6 சதவீத லாபம். டாலர் அதே 90-இல் நின்றிருந்தால் 10,44,700 ரூபாய், லாபம் 15.8 சதவீதம். டாலர் 84-க்கு இறங்கியிருந்தால் 9,74,200 ரூபாய், லாபம் வெறும் 8 சதவீதம். பங்கு ஒன்றுதான், ஏற்றமும் ஒன்றுதான். செயலி மூன்று நேரத்திலும் பச்சை நிறத்தில் 20 சதவீதம் என்றுதான் காட்டியிருக்கும்.

நடுவில் உள்ள எண்ணைக் கொஞ்சம் பாருங்கள். நாணயம் அசையவே இல்லை, ஆனாலும் 20 சதவீதம் 15.8 ஆகிவிட்டது. அந்த 4.2 சதவீதப் புள்ளி முழுக்கவும் போக்குவரத்துச் செலவு. இந்தச் செலவுகளோடு, டாலர் அசையாத நிலையில், அசலைத் திரும்பப் பார்க்கவே பங்கு 3.7 சதவீதம் ஏறியாக வேண்டும். ஒரு ஆறுதல் உண்டு. இந்தச் செலவில் பெரும்பகுதி எல்லையைத் தாண்டும்போது மட்டுமே விழுகிறது. மூன்று மாதத்தில் விற்றுத் திரும்பக் கொண்டுவருகிறவருக்கு அது முழு லாபத்தையும் விழுங்கிவிடலாம். பத்து ஆண்டு வைத்திருப்பவருக்கு ஆண்டுக்கு அரை சதவீதம்கூட ஆகாது. அங்கேயே ஒரு பங்கை விற்று இன்னொன்றை வாங்கினால் தரகு மட்டும்தான்.

அப்புறம் வரி. இங்கேதான் நாணயம் இன்னொரு வேலை செய்கிறது. இந்தியாவில் வசிப்பவரின் பங்கு லாபத்தை வருமான வரித் துறை ரூபாயில்தான் பார்க்கும். டாலர் ஏறியதால் வந்த லாபமும் லாபம்தான், அதற்கும் வரி உண்டு. 75 ரூபாய் இருந்தபோது 10,000 டாலருக்குப் பங்கு வாங்கிய ஒருவர், டாலர் 90 ஆனபின் 9,500 டாலருக்கு விற்றால், அவர் கண்ணுக்கு அது 5 சதவீத நஷ்டம். வரிக் கணக்கில் வாங்கியது 7.5 லட்சம், விற்றது 8.55 லட்சம், லாபம் ஒரு லட்சத்து ஐயாயிரம். நஷ்டத்துக்கு வரி கட்டச் சொல்கிறார்களே என்று கோபப்படுவதில் பயனில்லை. ரூபாயில் அவருக்கு லாபம் வந்திருக்கிறது என்பது உண்மைதான்.

விகிதம் எளிது. வெளிநாட்டுச் சந்தையில் பட்டியலிட்ட பங்கு இங்கே பட்டியலிடாத பங்காகவே நடத்தப்படுகிறது. அதனால் ஓராண்டு போதாது, 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால்தான் நீண்டகால லாபம். 2024 ஜூலை 23 முதல் அதற்கு வரி 12.5 சதவீதம், பணவீக்கக் கழிவு கிடையாது. 24 மாதம் முடியும் முன்பே விற்றால் உங்கள் வருமான வரம்புக்கு உரிய விகிதம். 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு அது வலிக்கும். அமெரிக்கா பொதுவாக இந்த லாபத்துக்கு வெளிநாட்டவரிடம் வரி கேட்பதில்லை. கேட்பது ஈவுத்தொகைக்கு. நான் அமெரிக்காவில் வசிப்பவன் அல்ல என்று தெரிவிக்கும் W-8BEN படிவம் கொடுத்திருந்தால், இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி 25 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள், கொடுக்காவிட்டால் 30. கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் வரும் மூன்றாவது ஆண்டின் முடிவோடு படிவம் காலாவதியாகும் என்பதை மறந்துவிடுகிறார்கள். பிடித்த வரியை இங்கே கட்டவேண்டிய வரியில் கழிக்கலாம். ஆனால் இங்கே வரியே இல்லாத அளவுக்கு வருமானம் குறைந்தவருக்குக் கழிக்க இடமில்லை, அந்த 25 சதவீதம் போனது போனதுதான். பெற்றோர் பெயரில் வாங்கினால் வரி மிச்சம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி வரம்புகள். ரிசர்வ் வங்கி 2004 பிப்ரவரியில் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தைக் கொண்டுவந்தபோது தனிநபர் வரம்பு 25,000 டாலர். இன்று நிதியாண்டுக்கு 2,50,000 டாலர். இடையில் அது ஏறிக்கொண்டே வரவில்லை. 2013 ஆகஸ்டில் ரூபாய் வேகமாகச் சரிந்தபோது, 2 லட்சம் டாலராக இருந்த வரம்பை ஒரே அடியாக 75,000-க்கு வெட்டினார்கள். 2014-இல் 1,25,000, 2015-இல் இப்போதைய அளவு. ரூபாய் விழும்போதுதான் பணத்தை வெளியே அனுப்ப எல்லோருக்கும் ஆசை வரும். அந்த நேரத்தில்தான் கதவும் ஒருக்களிக்கும். ரூபாய் சரியட்டும், அப்போது அனுப்பிக்கொள்ளலாம் என்று திட்டம் போடுகிறவர் இதை மனதில் வைக்க வேண்டும்.

வரம்பு என்பது அனுப்பும் தொகைக்குத்தான், அங்கே வளர்ந்த தொகைக்கு இல்லை. இந்த ஆண்டு முழு வரம்பையும் அனுப்பிவிட்டு, பாதியை அதே ஆண்டில் திரும்பக் கொண்டுவந்தாலும், அந்தப் பாதிக்கு மறுபடி இடம் கிடைக்காது. இந்த வழியில் அனுப்பிய பணத்தை மார்ஜினுக்கு, அதாவது தரகரிடம் கடன் வாங்கிப் பங்கு வாங்குவதற்கு, பயன்படுத்தவும் அனுமதி இல்லை. அமெரிக்கச் செயலியில் அந்தப் பொத்தான் கண்ணில் பட்டாலும் இந்தியாவில் வசிப்பவருக்கு அது ஆகாது. பங்கில் போடாமல் டாலராகச் சும்மா கிடக்கும் பணத்தை 180 நாட்களுக்குள் முதலீடு செய்ய வேண்டும், அல்லது திரும்பக் கொண்டுவர வேண்டும். டாலர் மலிவாக இருக்கும்போது அனுப்பிவைத்து, பங்குச் சந்தை விழும்வரை இரண்டு வருடம் காத்திருக்கலாம் என்ற யோசனைக்கு இந்த விதி இடம் தராது. அப்படியே திரும்பக் கொண்டுவந்தால், ஒரு பங்கும் வாங்காமலே இருவழிச் செலவையும் கட்டியிருப்பீர்கள்.

உண்மையில் நம்மில் பெரும்பாலோரைத் தொடும் வரம்பு இரண்டரை லட்சம் டாலர் அல்ல, பத்து லட்சம் ரூபாய். ஒரு நிதியாண்டில் பத்து லட்சத்துக்கு மேல் முதலீட்டுக்காக அனுப்பினால், மேற்பட்ட தொகையின் மேல் 20 சதவீதத்தை வங்கி டி.சி.எஸ். என்று வசூலிக்கும். 2023 அக்டோபரில் விகிதம் 5-இலிருந்து 20 ஆனது. 7 லட்சமாக இருந்த எல்லை 2025 ஏப்ரலில் 10 லட்சமானது. 15 லட்சம் அனுப்புகிறவர் கூடுதலாக ஒரு லட்சம் ரூபாய் எடுத்துவைக்க வேண்டும்.

இது செலவு அல்ல, முன்கூட்டியே கட்டிய வரி. கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் திரும்ப வரும். ஆனால் எப்போது வரும் என்பதில்தான் நஷ்டம் இருக்கிறது. ஏப்ரலில் கட்டினால், அடுத்த ஆண்டு ஜூலையில் தாக்கல் செய்து, பணம் வந்து சேர ஏறத்தாழ ஒன்றேகால் வருடத்துக்கு மேல். 7 சதவீத வட்டி என்று கணக்கிட்டாலும் ஒரு லட்சத்துக்கு 9,000 ரூபாய் போகிறது. இது மேலே பார்த்த வங்கி வித்தியாசத்துக்குக் கிட்டத்தட்டச் சமமான தொகை. அதைக் குறைக்க வழி உண்டு. சம்பளக்காரர் இந்த டி.சி.எஸ். விவரத்தை அலுவலகத்தில் கொடுத்தால், 2024 அக்டோபர் முதல் அதைச் சம்பளத்தில் பிடிக்கும் வரியோடு சரிசெய்துகொள்ள முடியும். முன்வரி கட்டுகிறவர் அடுத்த தவணையிலேயே கழித்துக்கொள்ளலாம். இதைவிடச் சுலபமான வழி நாட்காட்டியில் இருக்கிறது. மார்ச்சில் 10 லட்சம், ஏப்ரலில் 5 லட்சம் என்று பிரித்து அனுப்பினால் இரண்டு நிதியாண்டுகளிலும் எல்லை தாண்டவில்லை, டி.சி.எஸ். கிடையாது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். அந்தப் பத்து லட்சம் ஒரு வங்கிக்கோ ஒரு செயலிக்கோ தனித்தனியாக இல்லை, ஆளுக்கு மொத்தமாக. வெளிநாட்டில் படிக்கும் பிள்ளையின் செலவுக்கு இன்னொரு வங்கி வழியாக அனுப்பிய பணமும் அதில் சேரும்.

இத்தனை தொல்லை எதற்கு, இங்கேயே மும்பைச் சந்தையில் ரூபாயில் கிடைக்கும் அமெரிக்கக் குறியீட்டு ஈ.டி.எஃப்., அதாவது பங்கைப் போலவே சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்டு, வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, சிறு தொகைக்குப் பெரும்பாலும் அதுதான் மலிவும்கூட. டி.சி.எஸ். இல்லை, படிவங்கள் இல்லை, வருமான வரித் தாக்கலில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியல் நிரப்பும் வேலையும் இல்லை. நாணயத்தின் விளைவு மட்டும் அப்படியே இருக்கும், ரூபாயில் வாங்கினாலும் உள்ளே இருப்பது டாலர் பங்குதான்.

ஆனால் பணம் அனுப்பும் வரம்பு இங்கேயும் வேறு வேடத்தில் வருகிறது. இந்திய மியூச்சுவல் ஃபண்டுகள் எல்லாம் சேர்ந்து வெளிநாட்டுப் பங்குகளில் 700 கோடி டாலர், வெளிநாட்டு ஈ.டி.எஃப்.களில் 100 கோடி டாலர் வரைதான் போடலாம். 2022 தொடக்கத்தில் முதல் வரம்பு நிரம்ப, பல ஃபண்டுகள் புதுப் பணம் வாங்குவதை நிறுத்தின. ஈ.டி.எஃப். புது யூனிட் உருவாக்க முடியாது, ஆனால் சந்தையில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கிற யூனிட்டுக்கே போட்டி, அதனால் உள்ளே இருக்கும் பங்குகளின் மதிப்பைவிட விலை மேலே போய்விடும். 10 சதவீதத்துக்கும் மேல் போன காலங்கள் உண்டு. 100 ரூபாய் சரக்கை 110 கொடுத்து வாங்கியவருக்கு, வரம்பு தளர்ந்து புது யூனிட்கள் வந்த மறுநாளே அந்தப் பத்து ரூபாய் கரையக்கூடும், அமெரிக்கச் சந்தை அசையாமலே. ஒரு யூனிட்டின் உள்ளே இருக்கும் பங்குகளின் அந்த நேர மதிப்பைக் காட்ட, ஃபண்டு நிறுவனத்தின் தளத்தில் iNAV என்று ஒரு எண் ஓடும். வாங்கும் முன் அந்த எண்ணையும் சந்தை விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் 3.7 சதவீதத்தைத் தாண்டினால், மேலே 9 லட்சத்தை அனுப்பியவர் போகவும் வரவும் சேர்த்துக் கொடுத்ததைவிட நீங்கள் வாங்கும்போதே அதிகம் கொடுக்கிறீர்கள்.